உவர்நீரும் இரத்த அழுத்தமும்: வாய்மொழித் தேர்வில் என் விளக்கவுரை

மதிப்பிற்குரிய தேர்வாளர்களுக்கும் என் நெறியாளர் அம்மா அவர்களுக்கும் வணக்கம்.

பெரியபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரையிலான கடலோரத் தெருக்களில் உவர்ப்பான கிணற்று நீரைக் குடிப்போருக்கு உயர் இரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறதா என்பதே என் ஆய்வின் கேள்வி. மதிப்பீட்டு அறிக்கைகளில் நீங்கள் எழுப்பிய வினாக்களை மூன்று முறை படித்தேன். எனவே ஆய்வேட்டை முதலிலிருந்து ஒப்பிக்காமல் அந்த வினாக்களையே எடுத்துக்கொள்கிறேன்.

குறுக்குவெட்டு ஆய்வை ஏன் தேர்ந்தேன் என்பது முதல் வினா. நோய் இல்லாதவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்வதே இந்தக் கேள்விக்கு உரிய வழி. முதுகலைப் படிப்பின் கால அளவு அதற்குப் போதாது. நோயுள்ளோரையும் இல்லாதோரையும் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த வழியில் கிடைப்பது முரண் விகிதம். மூன்றில் ஒருவரிடம் காணப்படும் நோயில் அது உறவைப் பெரிதாக்கிக் காட்டும். என் தரவிலேயே அது தெரிகிறது. உவர்நீர்த் தெருக்களில் 512 பேரில் 184 பேருக்கும், மற்றத் தெருக்களில் 509 பேரில் 132 பேருக்கும் உயர் அழுத்தம் இருந்தது. பரவல் விகிதம் 1.39. இதையே முரண் விகிதமாகச் சொன்னால் 1.60 ஆகிவிடும். மக்களிடம் போய் ‘அறுபது சதவீதம் கூடுதல்’ என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. அதனால்தான் பரவல் விகிதத்தைத் தரும் பாய்சான் பின்னடைவைப் பயன்படுத்தினேன்.

இந்த வடிவமைப்பின் பெரிய பலவீனம், எது முன், எது பின் என்று தெரியாமல் போவது. களத்தில் அதை நேரிலேயே பார்த்தேன். ‘பிரஷர் இருக்கிறது, உப்புத் தண்ணீர் குடிக்காதீர்கள்’ என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் பல. அன்றைய தண்ணீரை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகள் நல்ல தண்ணீர்க் கணக்கில் சேர்ந்திருப்பார்கள், உண்மையான உறவு மங்கியிருக்கும். ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு முன் குடித்த தண்ணீரைக் கேட்டேன். ஆண்டு நினைவில்லாதவர்களிடம் சுனாமியையும் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த வருடத்தையும் வைத்துக் கணக்கிட்டோம். முதியவர்கள் சிலர் 1964 புயலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களை நீக்கிவிட்டுச் செய்த பகுப்பாய்வு தனி அட்டவணையாக உள்ளது.

மாதிரி அளவைப் பற்றிய வினாவுக்குக் கணக்கையே முன்வைக்கிறேன். மற்றத் தெருக்களில் 25 சதவீதமும் உவர்நீர்த் தெருக்களில் 35 சதவீதமும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். பத்து சதவீதப் புள்ளிக்குக் குறைந்த வேறுபாட்டுக்காகக் குடிநீர்த் திட்டத்தை மாற்றச் சொல்ல முடியாது என்பது என் முடிவு. பிழை வாய்ப்பு 5 சதவீதம், ஆய்வின் திறன் 80 சதவீதம்.

```
n = (1.96 + 0.84)² × (0.25×0.75 + 0.35×0.65) / 0.10²
n = 326
```

இது ஒரு குழுவுக்கான எண்ணிக்கை. ஆனால் ஒரே கிணற்றில் நீர் இறைப்பவர்கள் ஒரே மாதிரி சமைக்கிறார்கள், ஒரே மாதிரி வேலை பார்க்கிறார்கள். அவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணுவது தவறு. தெருவுக்கு 32 பேர், உள்தொடர்பு 0.016 என்று கொண்டால் வடிவமைப்பு விளைவு ஏறத்தாழ 1.5. எனவே 489 பேர் தேவை. பத்தில் ஒருவர் கிடைக்காமல் போகலாம் என்று கருதி 544 ஆக்கினேன். குழுவுக்கு 17 தெருக்கள், மொத்தம் 1,088 பேர். அவர்களில் 1,021 பேரை அளந்தோம். இரு குழுக்களும் 489-ஐத் தாண்டியிருக்கின்றன.

சாய்வு பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதிலேதான் எனக்குத் தூக்கம் கெட்டது. முன்னோட்டத்தின்போது பகலில் வீடு வீடாகப் போனோம். பெண்களும் முதியவர்களும் இருந்தார்கள். ஆண்கள் கடலில் இருந்தார்கள், அல்லது இரவுத் தொழில் முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியே தொடர்ந்திருந்தால் மீனவ ஆண்கள் இல்லாத மீனவ ஊர் ஆய்வாக இது முடிந்திருக்கும். அதனால் களப்பணியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்துக்கு மாற்றினேன். விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் கிடைத்தார்கள். தடை நாட்டுப்படகுக்குப் பொருந்தாது என்பதால் அந்த மீனவர்களை மாலையில் கரையிலேயே போய்ப் பார்த்தோம்.

இந்தத் தீர்வு வேறு இரண்டு சிக்கல்களைக் கொண்டுவந்தது. கோடையில் இரத்த அழுத்தம் சற்றுக் குறையும். இரு குழுக்களையும் அதே வாரங்களில் அளந்ததால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. ஆனால் என் பரவல் எண்ணை ஆண்டு முழுமைக்குமானதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தது, கோடையில் கிணறு வற்ற வற்ற உவர்ப்பு ஏறும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் 12 தெருக்களில் மறுபடி அளந்தபோது மூன்று தெருக்கள் நான் வைத்த எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டன. அந்த எல்லை, வேறு நீர் கிடைக்காத இடங்களுக்கு இந்தியத் தர அமைவனம் அனுமதிக்கும் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள். இதனால் சிலர் தவறான குழுவில் நின்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிழை பெரும்பாலும் உறவைக் குறைத்தே காட்டும் என்றாலும், அதைச் சாக்காகச் சொல்லி என் எண்ணை உயர்த்திப் பேச மாட்டேன்.

அளவீட்டுச் சாய்வைக் குறைக்கத் தானியங்கிக் கருவியையே பயன்படுத்தினோம். மூன்று முறை அளந்து, முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியைக் கொண்டோம். ஒரு தெருவில் எல்லோரையும் அளந்து முடித்த பிறகே அங்கே நீர் மாதிரி எடுத்தோம்.

குழப்பும் காரணிகளில் முதன்மையானது வயது. குழாய் நீர் வரும் புதுக் குடியிருப்புகளுக்கு இளைய குடும்பங்கள் நகர்ந்துவிட்டன, பழைய கிணற்றுத் தெருக்களில் தாத்தா பாட்டிகள் தங்கிவிட்டார்கள். வயதானால் அழுத்தம் ஏறும். ஆக, உவர்நீருக்கு உரியதாகத் தோன்றும் வேறுபாட்டில் ஒரு பங்கு வயதுக்கு உரியது. வயதைச் சரிக்கட்டியதும் 1.39 என்பது 1.27 ஆகக் குறைந்தது. கருவாடு, சமையல் உப்பு, புகையிலை, வருமானம் ஆகியவற்றையும் சேர்த்ததும் 1.24. நம்பக இடைவெளி 0.98 முதல் 1.57 வரை.

சிறுநீரகச் செயல்பாட்டை ஏன் சரிக்கட்டவில்லை என்று வெளித் தேர்வாளர் ஐயா கேட்டிருந்தீர்கள். உப்பு நீர் சிறுநீரகத்தின் வழியாகவே அழுத்தத்தை ஏற்றுகிறது என்றால் அது நடுவில் நிற்கும் கண்ணி, குழப்பும் காரணி அல்ல. அதைச் சரிக்கட்டினால் நான் தேடும் விளைவையே அழித்துவிடுவேன். வருமானத்தைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. கடன் அதிகமுள்ள வீட்டின் வருமானத்தை ஒற்றை எண்ணில் பிடிக்க முடியவில்லை. வறுமையின் எச்சம் அந்த 1.24-க்குள் இன்னும் இருக்கக்கூடும்.

அந்த நம்பக இடைவெளி, வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் 1 என்ற எண்ணைத் தொட்டுக் கடக்கிறது. ‘தொடர்பு இல்லை’ என்று நான் எழுதவில்லை, ‘நிரூபித்தேன்’ என்றும் எழுதவில்லை. இரண்டு விழுக்காடு குறைவிலிருந்து ஐம்பத்தேழு விழுக்காடு கூடுதல் வரை என் தரவுக்கு ஒத்துப்போகும். ஆனால் தலைப்பில் ‘உவர்நீரின் விளைவு’ என்று இருப்பது இதற்கு முரண் என்று நீங்கள் இருவருமே சுட்டியிருக்கிறீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ‘உவர்நீருக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு’ என்று மாற்றி அச்சிட்ட தலைப்புப் பக்கம் உங்கள் மேசைமீது இருக்கிறது. முடிவுரையில் ‘ஏற்படுத்துகிறது’ என்று வந்த நான்கு இடங்களையும் அவ்வாறே திருத்தியிருக்கிறேன்.