செய்முறை 6: புள்ளிமான்களின் கூட்டமும் விழிப்பும்

இடம்: முதுமலை, தெப்பக்காடு. தங்குமிடத்துக்கு எதிரே உள்ள புல்வெளி
நேரம்: மூன்று நாட்கள், காலை 6.30–8.30, மாலை 4.30–6.00

கேள்வி

மேயும் மான் தலையைத் தூக்கிப் பார்க்கும் நேரம் அதற்கு மேய்ச்சல் நஷ்டம். தூக்காவிட்டால் செந்நாயோ சிறுத்தையோ நெருங்குவது தெரியாது. கூட்டம் பெருகினால் கண்களும் பெருகும், ஒவ்வொரு மானும் காவலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்பது 1973-இல் புல்லியம் முன்வைத்த கணக்கு. அதற்கு முன்பே, 1971-இல், ஹாமில்டன் வேறொன்று சொன்னார்: கூட்டத்தில் இருந்தால் பிடிபடப்போவது நானாக இருக்கும் வாய்ப்பே குறைகிறது. இரண்டு விளக்கத்திலும் கூட்டம் பெரிதானால் விழிப்பு குறைய வேண்டும். எது காரணம் என்று எங்கள் தரவால் பிரித்துச் சொல்ல முடியாது. குறைகிறதா, எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்த்தோம்.

முறை

ஒரு கூட்டத்துக்கு ஒரு வளர்ந்த பெண்மான். யாரைப் பார்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். இல்லாவிட்டால் கண் தானாகவே தலை தூக்கிய மானிடம்தான் போகிறது. 180 விநாடி பார்த்து, தலை தோள்மட்டத்துக்கு மேலே இருந்த நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்தோம். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. 20 மீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் வேறு கூட்டம். நடுவில் ஜீப் ஏதாவது வந்து நின்றால் அந்தப் பதிவைக் கைவிட்டோம்.

வாயில் புல்லோடு நிமிர்ந்து மெல்லுவது விழிப்பா என்று முதல் நாளே வாக்குவாதம். மென்றாலும் கண் திறந்துதானே இருக்கிறது என்று அதையும் சேர்த்துக்கொண்டோம்.

கணக்கு

கூட்டம் 1-லிருந்து 2 ஆவதும் 25-லிருந்து 26 ஆவதும் மானுக்கு ஒன்றல்ல. அதனால் எண்ணிக்கையை அப்படியே போடாமல் இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கையாக மாற்றினோம். n கூட்டத்தின் அளவு, v விழிப்பு விழுக்காடு.

```
n <- c(1,2,2,3,4,5,7,8,11,14,19,26)
v <- c(47,31,42,36,24,33,19,25,21,12,34,14)
m <- lm(v ~ log2(n))
summary(m)
```

கிடைத்த கோடு: v = 42.6 − 5.8 × log2(n). சாய்வின் திட்டப்பிழை 1.54, t = −3.76, விடுதலை எண் 10, p ஏறத்தாழ 0.004, R² = 0.59. அதாவது கூட்டம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு மானின் விழிப்பு சுமார் 6 விழுக்காட்டுப் புள்ளி இறங்குகிறது. 95% நம்பக இடைவெளி 2.4 முதல் 9.2 வரை. அகலம்தான், பன்னிரண்டு புள்ளிக்கு வேறென்ன வரும்?

இந்தக் கோட்டின்படி தனி மான் 43% நேரம் தலை தூக்கியிருக்கும். எட்டு மான் கூட்டத்தில் ஒரு மான் 25% நேரம்தான். ஆனால் எட்டும் ஒன்றையொன்று பாராமல் தன்பாட்டுக்குத் தலை தூக்குவதாக வைத்துக்கொண்டால், எந்த நொடியிலும் ஒரு தலையாவது மேலே இருக்கும் வாய்ப்பு சுமார் 90%. தனியாள் காவல் குறைந்தும் கூட்டத்தின் காவல் கூடிவிடுகிறது.

அந்தப் பத்தொன்பது

வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் கோட்டைவிட்டு 16 விழுக்காட்டுப் புள்ளி மேலே நிற்கிறது. இரண்டாம் நாள் மாலை, 19 மான்கள் கொண்ட கூட்டம். நாங்கள் பார்த்த பெண்மான் இரண்டு வாய் மேயும், நிமிரும், காதை உண்ணிச்செடிப் புதர்ப் பக்கம் திருப்பும், மறுபடி குனியும். மற்றவை நிம்மதியாக மேய்ந்தன. பதிவு முடிந்து நோட்டை மூடும்போது புல்லுக்குள்ளிருந்து ஒரு குட்டி எழுந்து நின்று அவளிடம் போய்ப் பால் குடித்தது.

அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் R² 0.83-க்கு ஏறுகிறது, சாய்வு −7.4 ஆகிறது. ஆசை வரத்தான் செய்தது. ஆனால் குட்டியுள்ள தாயைச் சேர்க்கக்கூடாது என்று முன்கூட்டி நாங்கள் விதி எழுதவில்லை. மற்ற பதினொன்றில் யாருக்குக் குட்டி புல்லில் படுத்திருந்தது என்பதும் தெரியாது. விடை அழகாக வரவில்லை என்பதற்காக இப்போது விதி எழுதுவது சரியல்ல. ஆகவே பன்னிரண்டும் இருக்கும் கோடே எங்கள் முடிவு.

தரவில் உள்ள ஓட்டைகள்

புள்ளிமான் கூட்டங்கள் நிலையானவை அல்ல, பிரியும், சேரும். காலையில் நால்வரில் ஒருத்தியாக நாங்கள் பார்த்தவளே மாலையில் பதினான்கில் ஒருத்தியாக வந்திருக்கலாம். அப்படியானால் பன்னிரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று சொல்ல முடியாது. P மதிப்பு காட்டுவதைவிட எங்கள் உறுதி குறைவு.

அதைவிடப் பெரியது புதர். ஒன்றும் இரண்டுமாக இருந்தவை பெரும்பாலும் புதரோரத்தில் மேய்ந்தன, பெரிய கூட்டங்கள் நடு வெளியில். அப்படியென்றால் விழிப்பைக் கூட்டியது தனிமையா, புதரின் நெருக்கமா? இப்படி வேறு காரணிகள் கலந்துவிடுவதைப் பல ஆய்வுகள் கவனிக்கவில்லை என்று 1989-இலேயே எல்கர் சுட்டிக்காட்டியிருக்கிறார். புதருக்கு உள்ள தூரத்தை மூன்றாம் நாள்தான் குறிக்கத் தொடங்கினோம். ஐந்து கூட்டங்களுக்கு மட்டுமே அது இருப்பதால் மாடலில் சேர்க்கவில்லை.