வடவள்ளியில் ஓர் இரவு மேய்ச்சல்

இரவு எட்டரை. கோவை, வடவள்ளி. மருதமலையின் விளக்குகள் தெரியும் ஒரு மாடி வீடு. தோசைக்கல்லில் முதல் கரண்டி மாவு விழுகிறது. 'சொய்ங்' என்ற அந்த ஓசை போதும், அறைக்கொன்றாகப் பதுங்கியிருந்த கூட்டம் அசையத் தொடங்கிவிட்டது.

முன்னால் வருவது அப்பத்தா. யானைக் கூட்டத்தை நடத்துவதும் மூத்த பெண் யானைதான். எந்தக் கோடையிலும் வற்றாத ஓடை எது என்பது அதற்கு நினைவிருக்கும். அப்பத்தாவுக்கு நினைவிருப்பது, 1994-ல் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில் யாருக்குப் பாயசம் எட்டவில்லை என்பது. அவர் உட்கார்ந்த பிறகே மற்றவர்கள் உட்காருகிறார்கள்.

இதோ, செந்நாய்கள்! சித்தப்பாவின் மகன்கள் இருவர். செந்நாய்க் கூட்டம் இரையை வீழ்த்தினால் குட்டிகளுக்குத்தான் முதல் பந்தி. இங்கும் அதே சட்டம். தேங்காய்ச் சட்னி இருந்த கிண்ணத்தில் இப்போது கடுகு மட்டும் மிச்சம்.

அலமாரிப் பக்கம் கரடி ஒன்று மோப்பம் பிடிக்கிறது. தேன் எங்கே இருந்தாலும் கரடி கண்டுபிடித்துவிடும். சித்தப்பாவும் நாட்டுச்சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். "மாத்திரை போட்டீங்களா?" என்று சித்தியின் குரல் வருகிறது. கரடி பின்வாங்குகிறது.

இனி வரும் காட்சி அபூர்வமானது. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடைவெளி வழியே ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். இங்கே பொந்துக்குள் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். அப்பா தட்டுடன் போய்த் தட்டுகிறார். கதவு நான்கு விரல் அகலம் திறக்கிறது. தட்டு உள்ளே போகிறது. "பொடிக்கு எண்ணெய் ஊத்தலையாப்பா?" கதவு மூடுகிறது. அப்பா எண்ணெய்க் கிண்ணம் எடுக்க நடக்கிறார், கொஞ்சமும் சலிப்பில்லாமல். எத்தனை முறை பார்த்தாலும் அழகு!

அடுப்படியில் அம்மா. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தொலைவிலிருக்கும் யானைகளோடு பேசிக்கொள்ளும். அம்மா மாவுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து, அப்பாவைப் பார்க்கிறார். சத்தமே இல்லை. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"எனக்குப் போதும்."

இரண்டே தோசைதான் தின்றிருக்கிறார்.

பாத்திரத்தை வழித்து ஊற்றிய கடைசி தோசை வேகிறது. கனமான, ஓரம் சிவந்த தோசை. அம்மா தட்டை எடுக்கும் நேரத்தில் செந்நாய் ஒன்று அடுப்படி வாசலில் தலைகாட்டுகிறது. "பெரியம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

கூடத்திலிருந்து பிளிறல்.

"டேய்! அவ இன்னும் ஒரு வாய் சாப்புடலைடா!"

செந்நாய் திரும்பி ஓடுகிறது. போகிற வழியில் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொள்கிறது.