கட்டண மாற்றம் குறித்த திருத்திய அறிவிப்பு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் அனுப்பிய சுருக்கமான அறிவிப்பில் நடைமுறைத் தேதி தெளிவாக இல்லாததால், அதற்குப் பதிலாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2027 ஜனவரி 1 முதல் ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்புக் கட்டணம், மூலத்தின் சொல் ஒன்றுக்கு 18 காசிலிருந்து 21 காசாக உயர்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 60 வெள்ளியாகவே நீடிக்கும். டிசம்பர் 31க்குள் உறுதிசெய்யப்படும் பணிகளுக்கு, அவை பிப்ரவரியில் முடிந்தாலும், பழைய கட்டணமே பொருந்தும். நான் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாததால், இத்தொகையின் மேல் வரி சேராது.

நான்கு ஆண்டுகளாகக் கட்டணத்தை நான் உயர்த்தவில்லை. இதற்கிடையே, அச்சுக்கு முந்தைய படியைச் சரிபார்க்கும் வேலை பெரிதும் கூடியிருக்கிறது: வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலுமாகச் சிதறி, ‘கொ’ என்ற எழுத்தே படிக்க முடியாதபடி ஆகிவிடுவதுண்டு. அச்சான பிறகு அது கண்ணில் படுவது தங்களுக்கும் நம் மொழிக்கும் இழுக்கு என்பதால், அந்தச் சரிபார்ப்பைத் தனிக் கட்டணமின்றித் தொடர்ந்து செய்வேன்.

அடுத்த ஆண்டுச் செலவுத்திட்டத்தை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட தொண்டூழிய அமைப்புகள் டிசம்பர் 15க்குள் தெரிவித்தால், மார்ச் 31 வரை பழைய கட்டணத்திலேயே பணியாற்ற மனமார இசைகிறேன்.

தங்கள் நம்பிக்கைக்கு நன்றியுடன்,
தங்கள் மொழிபெயர்ப்பாளர்,
ஈசூன், சிங்கப்பூர்