எழுத்துக்கு விட்ட இடம்

முனிரத்தினம் பேத்தியின் கைப்பேசியைக் கண்ணாடிக்கு மிக அருகில் பிடித்து, திரையில் தெரிந்த பலகையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியிடம் நான்கு வரி எழுதிக் கேட்டால் இப்படி ஒரு படத்தை அதுவே ஆக்கித் தந்துவிடும் என்று பவித்ரா சொல்லியிருந்தாள். துருப்பிடித்த தகரத்தில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு தேநீர்க் கடையின் பெயர் அது. வளைவுகளில் பெயின்ட் தடித்து நின்றது. இழுப்பு முடிகிற இடங்களில் தூரிகையின் மயிர் பிரிந்து, நிறம் கீற்றுக் கீற்றாக மெலிந்திருந்தது. அந்த மெலிவு அவருக்குத் தெரியும். பெயின்ட் தீரப்போகிறது என்று விரல்கள் உணர்ந்து தூரிகையைத் தூக்கும் கணத்தில் மட்டுமே அது விழும். இங்கே தூரிகையும் இல்லை, விரலும் இல்லை, ஆனால் அது விழுந்திருந்தது.

"ஃபிளக்ஸ் வந்தபோது வேலைதான் போனது, கண்ணு. இது கையையே எடுத்துக்கொண்டு போய்விடும்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தவர், அன்று மாலை பழையபேட்டைக் கடையின் கதவை வழக்கத்தைவிட முன்னதாகவே சாத்திவிட்டார்.

அவருடைய அச்சத்தை வயதானவரின் பிடிவாதம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. மாற்றங்களை அவர் ஒருபோதும் எதிர்த்ததில்லை. பதினாறு வயதில் தொழிலுக்கு வந்தபோது, தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யையும் 'னை'யையும்தான் குருவிடம் கற்றார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததும், ஒரு மழைக்காலம் முழுவதும் சிலேட்டில் எழுதி எழுதிப் புதிய வடிவங்களைக் கையில் ஏற்றிக்கொண்டார். எல்லைப்புற ஊர் என்பதால் தெலுங்கையும் கன்னடத்தையும் அதே வரிசையில், அதே உயரத்தில் எழுதப் பழகினார். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது, சுற்றியிருந்த ஊர்களின் பலகைகளில் எல்லாம் 'தர்மபுரி மாவட்டம்' என்பதை அழித்துவிட்டுப் புதிய பெயரை எழுத வேண்டியிருந்தது. ஏணியை இறக்கி வைக்க நேரமில்லாத நாள்கள் அவை. அவ்வளவு வேலை ஒன்றாக வந்தது அதுவே கடைசி. அடுத்த சில ஆண்டுகளில் ஃபிளக்ஸ் அச்சு ஊரெங்கும் பரவியது. அதற்குப் பிறகு லாரிகளின் பின்பலகையும் கோவில் தேரின் பெயரும் பள்ளிச் சுவர்களும்தான் அவருக்கு எஞ்சின.

சந்தூரிலிருந்து நாற்றுப்பண்ணைக்காரர் வந்தது வைகாசிக் கடைசியில். அவர் கையில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. பண்ணைக்கு முன்னால் பத்தடிக்கு நான்கடியில் ஒரு பலகை வைக்க நினைத்து, மருமகனைக் கொண்டு அதே வகைக் கருவியில் செய்வித்த படம். மாந்தோப்பும் மலையும் காலை வெயிலும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தன. மேலே 'ஒட்டுமாங்கன்றுகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில், தூரத்தில் தமிழ்போலத் தெரிந்து அருகில் வந்தால் எதுவாகவும் இல்லாத வடிவங்கள் வரிசையாக நின்றன. ஒரு 'ங'வின் வயிற்றிலிருந்து கன்னடத்துத் தலைக்கட்டு முளைத்திருந்தது. புள்ளிகள் எழுத்தின் மேல் நிற்காமல் எழுத்துகளுக்கு இடையில் மிதந்தன.

"தமிழுமில்லை, தெலுங்குமில்லை, கன்னடமுமில்லை. மூன்றையும் எழுதுகிறவன் சொல்கிறேன்" என்றார் முனிரத்தினம்.

"அதனால்தான் உங்களிடம் வந்தேன், அண்ணா. அச்சகத்தில் கணினி எழுத்தைப் போட்டுக் காட்டினார்கள். போச்சம்பள்ளிச் சாலையில் இருக்கிற எல்லாப் பலகையும் அதே எழுத்துதான். எங்கள் அப்பா காலத்துப் பலகையை நீங்கள்தான் எழுதினீர்கள். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் பேருந்தை நிறுத்தி இறங்குவார்கள்."

முழுப் பலகையையும் கையாலேயே வரைந்து தருவதாக முனிரத்தினம் சொன்னார். வந்தவர் தயங்கினார். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் பலகை நின்றாக வேண்டும். அந்த அளவுக்குத் தோப்பும் மலையும் வரைய ஒரு மாதமாவது ஆகும், ஏணியில் நின்று வரையப் பெரியவரின் முழங்கால் இடம் கொடுக்காது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முனிரத்தினத்துக்கு அது புரிந்தது என்பதுதான் வருத்தம். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டு, இரண்டு நாள் எதுவும் சொல்லாமல் இருந்தார்.

மூன்றாம் நாள் பவித்ரா மடிக்கணினியுடன் கடைக்கு வந்து, மருமகன் செய்த படத்தை வைத்துக்கொண்டே, "இதில் என்ன பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், தாத்தா" என்று கேட்டாள். வரையச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார். பிழையைக் கேட்டால் தொழில்காரரால் பேசாமல் இருக்க முடியாது.

"மாம்பழத்துக்கு மூக்கு எங்கே?" என்றார்.

படத்தில் தொங்கியவை உருண்டு சிவந்த, எந்த நாட்டுச் சந்தையிலும் இருக்கக்கூடிய பழங்கள். இந்த மண்ணின் பழம் பெங்களூரா. கிளிமூக்கு என்று அதற்கு இன்னொரு பெயர் வந்ததே அந்த வளைந்த நுனியால்தான். நுனி ஒரு பக்கமாக வளைந்து, காம்பருகே மஞ்சளும் தோளில் இலேசான செம்மையும் கலந்து, ஒவ்வொரு பழமும் தனித்தனி நீளக் காம்பில் தொங்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லப் பவித்ரா எழுதினாள். முதலில் வந்தவற்றில் மூக்கு பறவையின் அலகாகவே வந்துவிட்டது. ஆறாவதோ ஏழாவதோ முறையில் ஏறக்குறைய சரியான பழம் வந்தது. அதன் பிறகு மலையைப் பற்றிச் சொன்னார். பச்சை போர்த்த மலை இந்தப் பக்கத்து மலையாகாது. சையத் பாஷா மலையைப் போல, வெயிலில் வெளுத்த பாறையாக, இடுக்குகளில் மட்டும் புதர் இருக்க வேண்டும். அதுவும் வந்தது.

கடைசியாக அவர் சொன்னது: "மேலே மூன்றில் ஒரு பங்கு வானத்தைச் சும்மா விடச் சொல். மேகம் வேண்டாம், கிளை வேண்டாம். எழுத்துக்கு இடம் வேண்டும்."

அந்த வெற்றிடம் திரையில் விரிந்தபோதுதான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். சிறிது நேரம் பார்த்தவர் முகம் சுருங்கியது. படத்தில் வெயில் வலப்பக்கமும் பின்பக்கமுமாகச் சாய்ந்து, மரங்களின் நிழல் இடப்பக்கம் முன்னோக்கி விழுவதாக இருந்தால், எழுத்துக்குத் தாம் கொடுக்கும் நிழலும் அதோடு ஒத்துப்போகும். ஏனென்றால் ஐம்பது ஆண்டுகளாக அவர் எழுத்தின் இடப்புறக் கீழ்விளிம்பில்தான் நிழல் கொடுத்துவந்திருக்கிறார். படத்தில் வெயில் இடப்பக்கம் இருந்தது. மரத்தின் நிழல் ஒரு பக்கம், எழுத்தின் நிழல் மறுபக்கம் விழுந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் எழுத்து ஒட்டாமல் நிற்பது மட்டும் தெரியும்.

"இனிமேல் கையைத் திருப்ப வயதில்லை, கண்ணு."

"கையை எதற்குத் திருப்ப வேண்டும்?" என்ற பவித்ரா ஒரு பொத்தானை அழுத்தினாள். தோப்பும் மலையும் வெயிலும் அப்படியே இடம்வலமாகப் புரண்டு நின்றன.

முனிரத்தினம் பதில் பேசவில்லை. ஒரு வாரமாக அவர் நெஞ்சில் இருந்த பாரம் அந்த ஒரு நொடியில் முழுதும் இறங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் அன்று இரவு அவர் பழுப்புத் தாளை விரித்து 'ஒட்டுமாங்கன்றுகள்' என்று பலகையின் முழு அளவிலேயே எழுதத் தொடங்கினார்.

முதல் முயற்சி வீணானது. படத்தை ஃபிளக்ஸில் அச்சிட்டு அதன்மேல் எனாமல் பெயின்ட்டால் இரண்டு எழுத்தை எழுதிப் பார்த்தார்கள். காய்ந்த பின் துணியைச் சுருட்டியதும் 'ட'வின் அடிக்கோடு ஓடு ஓடாக வெடித்தது. அசையாத பரப்பு வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். படத்தை வினைலில் அச்சிட்டு, பளபளப்பில்லாத மேலுறை போட்டு, தகரத் தகட்டில் ஒட்டினார்கள். தாளில் எழுதிய எழுத்தின் விளிம்பு நெடுக ஊசியால் துளையிட்டு, அதைத் தகட்டின்மேல் பொருத்தி, சுண்ணப்பொடிப் பொட்டலத்தால் ஒற்றி எடுத்தார். வானத்தில் வெண்புள்ளிகளாக எழுத்து நின்றது. பிறகு எழுத்தின் உட்பகுதியை மட்டும் மென்மையான எமரித் தாளால் தேய்த்தார். பெயின்ட் பிடிக்க அவ்வளவு சொரசொரப்புப் போதும்.

'ஒ' எழுதும்போது பவித்ரா அருகில் நின்று பார்த்தாள். இடக்கையில் ஊன்றிய கோலின்மேல் வலக்கை மணிக்கட்டு அமர்ந்திருந்தது; தூரிகை தகட்டைத் தொடும் முன் கை சற்றே நடுங்கியது, தொட்டதும் நடுக்கம் நின்றது. சுழியிலிருந்து புறப்பட்ட அடர்சிவப்பு, மேல்வளைவில் அகன்று, கீழே இறங்குகையில் ஒடுங்கி, மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் வந்து முடிந்தது. ஒவ்வொரு மெய்யின் புள்ளியையும் அவர் கடைசிவரை வைக்கவில்லை. எல்லா எழுத்தும் நின்றபின், ஐந்தடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைப்பது அவர் வழக்கம். 'மா'வின் காலை மட்டும் கொஞ்சம் கீழிறக்கி, படத்திலிருந்த ஒரு கிளையின் நுனிக்குப் பின்னால் மறைவதுபோல நிறுத்தினார். அதற்காக அச்சிட்ட இலைகள் இரண்டின்மேல் அவரே பச்சை பூசி, மேலும் மூன்று இலைகளை வரைந்து சேர்த்தார். எது அச்சு, எது பெயின்ட் என்று விரலால் தடவினால்தான் தெரிந்தது.

பலகையைச் சந்தூருக்குக் கொண்டுபோன அன்று, பண்ணையில் ஒட்டுக்கட்டும் மூதாட்டி ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். மடியில் கட்டாத கன்று ஒன்று இருந்தது. கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தலையை வெட்டிப் பிளந்து, ஆப்பாகச் சீவிய செந்தூராக் குச்சியை அதில் செருகிப் பிடித்திருந்தார். பழத்தைப் பார்த்து "பெங்களூரா" என்றார். பிறகு, "எழுத்து யார்? ரத்தினமா?" என்று கேட்டார்.

"ஆமாம், அம்மா. படம் கணினியில் செய்தது."

"கீழே துளிர் விட்டால் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று சொல்லி, அவர் பிளாஸ்டிக் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து ஒட்டைச் சுற்றத் தொடங்கினார். கன்றைப் பற்றித்தான் அவர் சொன்னார். செடியின் அடிப்பகுதியிலிருந்து முளைக்கும் காட்டுத் துளிரைக் கிள்ளாவிட்டால், ஒட்டிய குச்சி பட்டுப்போய்க் கொட்டைமரமே வளர்ந்துவிடும்.

பலகையின் வலது கீழ்மூலையில் கையொப்பத்துக்கு இடம் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அங்கே 'ரத்தினம்' என்று மட்டுமே அவர் எழுதிவந்தார். இம்முறை மெல்லிய தூரிகையை எடுத்துச் சற்று யோசித்தபின் 'எழுத்து: ரத்தினம்' என்று எழுதினார், அதன் கீழே, அதே அளவில், 'படம்: கணினி, பவித்ரா' என்றும் எழுதினார். பேத்தி வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

பலகையை நிறுத்தி முடித்ததும் அவர் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்து போனார். போச்சம்பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நின்று போகும்வரை அங்கேயே கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தி, "பவித்ரா, 'ன்' மேலிருக்கிற புள்ளி இங்கிருந்து போதவில்லை. ஏணியை எடுக்க வேண்டாம் என்று சொல்" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.