பங்கு, பதவி, வேலை

மருந்துக்கடைகளின் சரக்கிருப்பையும் காலாவதித் தேதியையும் கண்காணிக்கும் மென்பொருள் நிறுவனம் அது. மதிவதனியும் தேன்மொழியும் சேர்ந்து தொடங்கி 29 மாதம் ஆகியிருந்தது. மதிக்கு 28 வயது, தலைமைப் பொறுப்பு அவளுடையது. தேன்மொழி தொழில்நுட்பத் தலைவர். முதல் 11 மாதம் சம்பளம் வாங்காமல் முதல் பதிப்பு முழுவதையும் தனி ஆளாக எழுதியவள். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் இருவருக்கும் ஒரே அறை.

இப்போது ஊழியர்கள் 22 பேர், அதில் 9 பேர் பொறியாளர்கள். கையிருப்புப் பணம் இன்னும் 9 மாதம் தாங்கும். அடுத்த வெளியீடு 7 வாரம் பிந்திவிட்டது. 40 கிளைகள் கொண்ட ஒரு வாடிக்கையாளர், தொகுதிவாரிக் காலாவதி அறிக்கை வந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டார். ஐந்து மாதத்தில் இரண்டு பொறியாளர்கள் விலகிப் போனார்கள். போகும்போது இருவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: எழுதியதைத் தேன்மொழி பார்த்து அனுமதிக்க நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டும், பிறகு அவளே அதை அழித்துத் திருப்பி எழுதிவிடுவாள்.

மூன்றாவதாக ஒருவர் மதியின் அறைக்கு வந்தார். "மேடம், தேன்மொழி மேடத்துக்குத் தெரியாதது எதுவும் இல்ல. ஆனா அவங்க இருக்கிற வரைக்கும் நாங்க யாரும் எதையும் கத்துக்க முடியாது. எனக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிருக்கு."

அன்று மாலையே மதி இயக்குநர் குழுவில் மூத்தவரான சுசீலாவை அழைத்தாள். தேன்மொழியை அனுப்பிவிடலாமா என்று கேட்க நினைத்திருந்தாள். சுசீலா அதற்குள் வேறு ஒன்றைக் கேட்டார்.

"வேலை போகிற நிலைமைல இருக்குன்னு அவகிட்ட சொல்லியிருக்கியா? எந்த வார்த்தையில சொன்னே?"

மதி பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தாள். "ரிவ்யூ கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுடு டீ." "பசங்க பாவம், கொஞ்சம் விட்டுப் பிடி." எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு சிரிப்புப் பொம்மை. சிநேகிதி மனசு நோகக் கூடாது என்று எழுதிய எட்டு மாதச் செய்திகளில், படிப்பவளுக்கு ஆபத்து புரிகிற மாதிரி ஒரு வரிகூட இல்லை. வெளியாள் ஒருவர் அந்தப் பதவியில் இருந்திருந்தால் மூன்றாவது மாதமே எழுத்தில் எச்சரிக்கை போயிருக்கும்.

மறுநாள் எழுதினாள். ஒரே பக்கம், நான்கு அளவுகோல், ஆறு வாரம். ஒன்று, அனுமதிக்காகக் காத்திருக்கும் மாற்றங்கள் 23 இருக்கின்றன. அது 5-க்குக் கீழே வர வேண்டும். இரண்டு, அனுமதிக்கும் அதிகாரம் இன்னும் மூன்று பேருக்குப் போக வேண்டும், அவர்கள் அனுமதித்ததை அவள் திருப்பி எழுதக் கூடாது. மூன்று, ஒன்பது பேரோடும் வாரம் அரை மணி நேரம் தனித்தனியாகப் பேச வேண்டும். நான்கு, காலாவதி அறிக்கை ஐந்தாவது வாரத்துக்குள் வெளியாக வேண்டும். கடைசி வரியை மூன்று முறை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்: "இவை நடக்காவிட்டால் நீ இந்தப் பொறுப்பில் தொடர முடியாது."

தேன்மொழி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இதை மெயில்ல அனுப்பாம கையில குடுத்ததுக்கு தேங்க்ஸ்."

நான்காவது வாரமே காலாவதி அறிக்கை வெளியானது. காத்திருப்பு மாற்றங்கள் 4 ஆயின. மதிக்கு அரை நாள் மகிழ்ச்சி. பிறகு பதிவேட்டைத் திறந்து பார்த்தாள்: குறைந்த 19-இல் 16-ஐ இரவு இரண்டு மணிக்குமேல் தேன்மொழியே முடித்திருந்தாள். அறிக்கையும் பெரும்பாலும் அவள் எழுதியதுதான். மூன்று பேருக்கு அதிகாரம் கொடுத்திருந்தாள், ஆனால் அவர்கள் அனுமதித்தவற்றில் பாதி மறுநாள் மாறியிருந்தது. தனிப் பேச்சு இரண்டு வாரம் நடந்தது, அதன் பிறகு நின்றுபோனது. அவள் கையால் செய்யக்கூடியவை இரண்டும் நடந்தன. பிறரை நம்பி விட வேண்டியவை இரண்டும் நடக்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நான்கில் இரண்டு தேறியது, இன்னும் ஆறு வாரம் கொடுக்கலாம் என்று தோன்றியிருக்கும்.

தொழில்நுட்பத் தலைமையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவளைப் பொறியாளராக வைத்துக்கொண்டால் என்ன? மதிக்கு மிகப் பிடித்த வழி இது. தன்னையே இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டாள். இதே திறமையோடு முன்பின் தெரியாத ஒருத்தி வந்தால் எடுப்பேனா? கண்டிப்பாக எடுப்பாள். புதிதாக வரும் தலைவர் அவளிடம் "இதைத் தொடாதே" என்று சொல்ல முடியுமா? இங்கேதான் இடித்தது. தேன்மொழி நிறுவனர், இயக்குநர் குழுவில் இருக்கிறாள், பெரிய பங்குதாரர். ஒன்பது பேரும் பழக்கத்தில் அவளிடம்தான் போவார்கள். புதியவர் பெயருக்குத் தலைவராக இருந்துவிட்டு ஆறு மாதத்தில் போய்விடுவார்.

வக்கீல் வேலை, பதவி, பங்கு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். வேலையிலிருந்து நீக்கினால் இயக்குநர் பதவி தானாகப் போகாது. அதற்கு ராஜினாமாவோ தனித் தீர்மானமோ வேண்டும். பங்கு இரண்டிலும் சேராது. தேன்மொழிக்கு ஒதுக்கியது 18 சதவீதம், நான்கு வருட வெஸ்டிங், அதாவது வேலையில் இருக்க இருக்கத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குச் சொந்தமாகும், முதல் வருடத்துக்குப் பிறகு மாதாமாதம். 31-ஆவது மாதம் முடியும்போது நீக்கினால் 48 மாதத்தில் 31 மாதத்துக்கானது, அதாவது 11.625 சதவீதம் அவளுடையது. மதி இன்னும் மூன்று மாதம் சேர்த்துக் கொடுக்கக் கேட்டாள். குழு ஒப்புக்கொண்டது: 12.75.

இன்னொரு சங்கடம் இருந்தது. சர்வர் முதன்மைக் கணக்கின் ஓடிபி தேன்மொழியின் செல்போனுக்கு மட்டுமே போகும். அவளுக்குத் தெரியாமல் மாற்றிவிடச் சிலர் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்தால் அவள் அரை மணியில் கண்டுபிடிப்பாள், பிறகு பேச்சே நடக்காது. ஒவ்வொரு முக்கியக் கணக்குக்கும் இரண்டு பொறுப்பாளர் என்று மதி எல்லாருக்கும் விதி போட்டாள், தன் வங்கிக் கணக்கு அனுமதியையும் சேர்த்து. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை அது.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை மாலை சொல்லியிருந்தால் இரண்டு நாள் அவள் யாரிடமும் எதுவும் கேட்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.

"தேனு, இந்த மாசக் கடைசியோட உன் வேலையை முடிக்கிறேன். முடிவு எடுத்தாச்சு."

"போர்டு சொல்லுச்சா?"

"இல்ல. நான்தான்."

"அறிக்கையை நாலாவது வாரமே குடுத்தேன்ல?"

"குடுத்தே. நீயே எழுதிக் குடுத்தே." மதி அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பதிவேட்டைத் திறந்து காட்ட ஆரம்பித்தால் இன்னொரு மதிப்பீடாகிவிடும், முடிவு இன்னும் மாறலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

மூன்று மாதச் சம்பளம், 12.75 சதவீதம், இரண்டு வாரத்தில் ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியல். தேன்மொழி பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஊழியர்களுக்குப் போகவிருந்த அறிவிப்பை இழுத்துப் படித்தாள். "சொந்தக் காரணங்களுக்காக" என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள்.

"இதை எழுதாதே டீ. ஒன்பது பேரும் சிரிப்பாங்க."

"என்ன எழுதட்டும்?"

"தலைமைப் பொறுப்பு வேற ஆளுக்குப் போகுதுன்னு எழுது. அதுதானே நடக்குது." அறிவிப்பைத் திருப்பித் தள்ளினாள். "டைரக்டர் ராஜினாமால இன்னைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். என் வக்கீலைப் பார்க்கணும்."

"பத்து நாள் எடுத்துக்கோ. அந்த வக்கீல் ஃபீஸையும் கம்பெனியே குடுக்கும்."

"வேண்டாம். அதை நானே குடுத்துக்கறேன்."