மாதாந்திர ஆலோசனை ஏற்பாட்டுக்கான முன்மொழிவு

கம்பம்,
12.09.2025

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
ஏலக்காய் மொத்த வணிக நிறுவனம், போடிநாயக்கனூர்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி, கணக்குப் பணிகளை இதுவரை அழைத்தபோதெல்லாம் வந்து, மணிக்கு 1,400 ரூபாய் கணக்கில் செய்து வருகிறேன். ஜூனில் 11, ஜூலையில் 18, ஆகஸ்டில் 25 மணி நேரம் ஆயிற்று; சராசரி 18. எந்த மாதம் எவ்வளவு பில் வரும் என்பது தங்களுக்கும், எந்த நாளை ஒதுக்குவது என்பது எனக்கும் தெரியாத இந்நிலையை மாற்ற, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை ஆறு மாதங்களுக்கு நிலையான ஏற்பாடு ஒன்றை முன்வைக்கிறேன்.

மாதம் 18 மணி நேரத்துக்கு 21,600 ரூபாய், அதாவது மணிக்கு 1,200 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பயன்படுத்தாத நேரத்தில் 6 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்கு மட்டும் சேரும். அறுவடை உச்சத்தில் வேலை கூடுவதும் பின்னர் குறைவதும் இத்தொழிலின் இயல்பு என்பதால் இதைச் சேர்த்துள்ளேன். மாத நேரமும் அப்படிச் சேர்ந்த நேரமும் தீர்ந்தபின் ஆகும் கூடுதல் நேரத்துக்குப் பழைய 1,400 ரூபாயே பொருந்தும். ஆனால் தங்கள் ஒப்புதலைப் பெற்ற பின்னரே அதைத் தொடங்குவேன்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதிக்குள் GSTR-1 வரைவும், 17ஆம் தேதிக்குள் GSTR-3B கணக்கீடும் தங்கள் பார்வைக்கு வரும். போடியிலும் புற்றடியிலும் எடுத்த சரக்குகளின் ஏல பில்களை GSTR-2B உடன் ஒப்பிட்டு, விற்றவர் பதியாமல் விட்டவற்றைத் தனிப் பட்டியலாகத் தருவேன். உள்ளீட்டு வரியில் தாங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். மாதம் இருமுறை கிட்டங்கிக்கு நேரில் வந்து இருப்பைச் சரிபார்ப்பேன். துறை நோட்டீசுக்கான முதல் பதில் இதில் அடங்கும். மேல்முறையீடும் தணிக்கையாளர் சான்றும் அடங்கா.

சாதாரணக் கேள்விகளுக்கு அடுத்த வேலை நாள் மாலைக்குள் பதில் தருவேன். வண்டி வழியில் நிறுத்தப்பட்டாலோ, இ-வே பில் காலாவதியானாலோ, காலை 7 முதல் இரவு 10 மணி வரை அரை மணி நேரத்துக்குள் தொலைபேசியில் கிடைப்பேன். இ-வே பில்லைக் காலாவதிக்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்க இயலும். கம்பம்மெட்டு இறங்கும் லாரி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. இரவு 10 மணிக்கு மேல் வரும் அழைப்புக்குக் காலை 7 மணிக்குப் பதில் கிடைக்கும். அதற்குமேல் உறுதியளிப்பது நேர்மையாகாது. தங்கள் தரப்பிலிருந்து, பில்களும் வங்கி விவரங்களும் 5ஆம் தேதிக்குள் எனக்கு வந்து சேர வேண்டும். தாமதித்தால் மேற்சொன்ன தேதிகளும் அத்தனை நாள் தள்ளிப்போகும்.

கட்டணத்தை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் முன்கூட்டிச் செலுத்தி, ஜிஎஸ்டி நீங்கலான தொகையில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம் செய்துகொள்ளலாம். இரு தரப்பில் யாரும் 30 நாள் எழுத்து முன்னறிவிப்புடன் விலகலாம். இசைவெனில், செப்டம்பர் 25க்குள் இதன் பிரதியில் கையொப்பமிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வரி மற்றும் கணக்கு ஆலோசகர்