கிண்ணம் நிறைந்திருக்கிறதா, உமி நிறைந்திருக்கிறதா?

இன்று காலை ஆறரை மணிக்கு, பால்கனியில் வைத்த தீனிக் கிண்ணத்தருகே எடுத்த படம். அணிலின் கைகளைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னங்கால்களில் குந்தியபடி, வேர்க்கடலையைத் திருப்பித் திருப்பி, எந்த இடத்தில் பல் வைத்தால் ஓடு விரியும் என்று தேடிக்கொண்டிருக்கிறது. ஓட்டோடு வைத்தால்தான் இந்தக் காட்சி கிடைக்கும். அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. கடித்துக் கொறித்தால்தான் அளவோடு தேயும். உப்போ மசாலாவோ சேராத கடலை, நாலைந்து போதும். பூசண வாடை அடித்தால் ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை வைக்காதீர்கள், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பூசணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

பின்னால் மங்கலாகத் தெரிவது சிட்டுக்குருவி. தினையை அலகின் ஓரத்தில் வைத்து நசுக்கி, உமியை உதறிவிட்டுப் பருப்பை மட்டும் விழுங்கும். அந்த உமி கிண்ணத்திலேயே விழுவதால், தூரத்திலிருந்து பார்த்தால் தானியம் அப்படியே இருப்பது போலத் தோன்றும். பலர் ஏமாறுவது இங்கேதான். மெல்ல ஊதிப் பாருங்கள்: பறந்தால் உமி, கிடந்தால் தானியம்.

காலையில் இரண்டு மேசைக்கரண்டி தானியம், ஒரு மணி நேரத்தில் தீருகிற அளவு, போதும். மிஞ்சினால் மறுநாள் குறையுங்கள். இரவில் எதையும் விட்டுவைக்காதீர்கள், எலி வரும். நனைந்த தானியத்தைக் காயவைத்துத் திரும்பப் போடவும் வேண்டாம்.

தண்ணீர்த் தட்டு இரண்டு விரற்கடை ஆழம் தாண்டக் கூடாது. நடுவில் சொரசொரப்பான கல் ஒன்று இருந்தால் குருவி கால் ஊன்றிக் குளிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கிண்ணத்தையும் தட்டையும் வாரம் ஒருமுறை எச்சம் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, வாடை போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே வையுங்கள். பல பறவைகள் ஒரே கிண்ணத்தில் வாய் வைக்கும்போது நோய் பரவும் வழி எச்சமும் எச்சிலும்தான். உடல் உப்பி, கண் சொருகி, ஆள் வந்தும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால், இரண்டு வாரமாவது தீனியை நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலைவதே அவற்றுக்கு நல்லது.

கண்ணாடிக் கதவு இருந்தால் கிண்ணத்தை அதிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே வையுங்கள். திடுக்கிட்டுக் கிளம்பினாலும் பலமாக மோதுகிற வேகம் அதற்குள் வராது. கீழ்வீட்டுத் துணிக்கொடியில் உமி விழாமல் இருக்க, கிண்ணத்துக்கு அடியில் அகலமான தாம்பாளம்.

அணில் வாலை வெட்டி வெட்டி ஆட்டி, விடாமல் கத்துகிறதா? பூனையோ வல்லூறோ பக்கத்தில் இருக்கலாம். அந்த நேரத்தில் கதவைத் திறக்காதீர்கள், அணில் ஒளிந்துகொள்ள வழி விடுங்கள்.

#பால்கனிப்பறவைகள் #சிட்டுக்குருவி #அணில்